கடைக் கேமராவுக்கு 12 வோல்ட் போதும்

கேமரா மாட்டித் தரும் தொழிலில் இருப்பவர்களிடம் கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கரண்ட் போனா எத்தனை மணி நேரம் ஓடும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கரண்ட் போகிற அந்த நொடியில் டிவிஆர் அணைந்து போகிறதா, இல்லையா? மழைக்காற்று அடிக்கும் மாலையில் விளக்கு இரண்டு நொடி அணைந்து திரும்ப எரிகிறது. கடையில் இருப்பவர்களுக்கு அது ஒரு கண்சிமிட்டல், யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. டிவிஆருக்கோ அது முழு மரணம். அது மறுபடி எழுந்து, ஹார்ட் டிஸ்க்கைச் சுழலவிட்டு, சரிபார்த்து, கேமராக்களைப் பிடித்துப் பதிவைத் தொடங்க ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் கரண்ட் இன்னொரு முறை போய் வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பழைய பதிவைத் தேடும் திரையில் அந்த நாளின் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்கூடு. மணிக்கணக்கான மின்வெட்டு ஓர் அகலமான வெள்ளை இடைவெளியாகத் தெரியும். யாரும் கவனிக்காத சிமிட்டல்கள் மெல்லிய கீறல்களாக நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். மழைக்காலத்தில் இந்தக் கீறல்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கடையின் கேமராவுக்கும் டிவிஆருக்கும் நிறைய மின்சாரம் தேவையில்லை, அறுபடாத மின்சாரம் தேவை. அதை 230 வோல்ட்டில் ஒரு பெட்டியை வைத்துத் தேடுவதைவிட, அந்தக் கருவிகள் உண்மையில் உண்ணும் 12 வோல்ட்டிலேயே ஒரு சிறு பேட்டரியைக் குறுக்கே நிறுத்தித் தருவதுதான் சரியான வழி. பழக்கத்தினால் நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்றை வாங்கி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

திடீரென்று அணைவதால் வரும் சேதம் பதிவின் இடைவெளியோடு நிற்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு சுழலும்போது அதன் முனை தட்டுக்கு மிக அருகில் மிதக்கிறது. மின்சாரம் அறுந்தால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே சக்தியை எடுத்து முனை அவசரமாக ஒதுங்கிக்கொள்ளும். இதற்கென்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனாலும் முறையாக ஒதுங்குவதைவிட இது கடினமான இறக்கம். பல டிவிஆர்களில் ஹார்ட் டிஸ்க்கின் S.M.A.R.T. பக்கத்தைத் திறந்தால் 192ஆம் வரியில் Power-Off Retract Count என்று இதற்கொரு கணக்கு இருக்கும். மாதா மாதம் அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாலே கடையின் மின்சாரம் எப்படி என்று தெரிந்துவிடும். இன்னொன்று கடிகாரம். டிவிஆருக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. அது செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பதிவு நடக்கும், ஆனால் தவறான தேதியின் கீழ் போய் உட்காரும். நேற்றைய தேதியைப் போட்டுத் தேடினால் ஒன்றும் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழ் கேட்கிறது. பதிவு நடந்த காலத்தில் கருவி ஒழுங்காக இயங்கியதா, இடையில் நின்றிருந்தால் அது பதிவின் துல்லியத்தைப் பாதித்ததா என்பதும் அந்தப் பிரிவின் நிபந்தனைகளில் ஒன்று. நாளெல்லாம் கீறல் விழுந்த பட்டையும் தப்பான தேதியும் வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட யாருக்கும் தயக்கம் வரும்.

இனி எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பார்ப்போம். பஜார் தெருவில் இருக்கும் ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். நான்கு அனலாக் எச்டி கேமராக்கள்: வெளியில் வாசலைப் பார்த்து இரண்டு, உள்ளே கல்லாவின் மேல் ஒன்று, சரக்கு அறையில் ஒன்று. ஒரு ஹார்ட் டிஸ்க் போட்ட டிவிஆர். போனில் பார்ப்பதற்காக ஃபைபர் மோடம் ஒன்று. கேமரா பகலில் ஒன்றரை வாட் அளவில் எடுக்கும். இருட்டி ஐஆர் விளக்கு எரிந்தால் நான்கு வாட்டுக்குப் போகும். டிவிஆர் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துச் சுமார் 14 வாட், மோடம் 8 வாட். ஆக இரவில் நான்கு கேமராவுக்கு 16, மற்றவற்றுக்கு 22, மொத்தம் 38 வாட். ஒரு பழைய குண்டு பல்பை விடக் குறைவு. டிவிஆர் அடாப்டரின் மேல் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்து 24 வாட் என்று கணக்குப் போடக் கூடாது. அது அடாப்டர் தரக்கூடிய உச்சம், டிவிஆர் எடுப்பது அல்ல. மல்டிமீட்டரை வரிசையில் போட்டு இரவில் ஒரு முறை, பகலில் ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. மானிட்டர் இந்தக் கணக்கில் இல்லை, இருக்கவும் கூடாது. பதிவுக்கு மானிட்டர் தேவையே இல்லை, ஆனால் அது தனி ஆளாக 15, 20 வாட் குடிக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று புகார் வரும் இடங்களில் முதலில் பார்க்கவேண்டியது மானிட்டரின் பிளக் எங்கே செருகியிருக்கிறது என்பதைத்தான்.

இந்த 38 வாட்டை ஒரு 600 விஏ யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? 600 என்ற எண்ணுக்கும் நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே சமயத்தில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. நேரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. அது வழக்கமாக 12 வோல்ட் 7 ஏஎச், பெருக்கினால் 84 வாட்-மணி. இந்த 7 என்பதும் இருபது மணி நேரத்தில் மெதுவாகக் கறந்தால் கிடைப்பது. ஒரு மணி நேரத்தில் கறந்தால் லெட் ஆசிட் பேட்டரி அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். அதற்குமேல் யூபிஎஸ் 12 வோல்ட்டை 230 ஆக்குகிறது, நம் அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்குகிறது. இரண்டு மாற்றத்திலும் இழப்பு. யூபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாப்பிடும். 38 வாட் சுமைக்காகப் பேட்டரியிலிருந்து 55, 60 வாட் போகிறது. புது யூபிஎஸ் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடும், இரண்டாம் வருடத்தில் அதில் பாதி. நேரம் குறைவு என்பதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத குறை வேறு. பேட்டரி தீர்ந்து அணைந்த யூபிஎஸ், கரண்ட் வந்ததும் தானாக எழ வேண்டும். விலை குறைந்த சில மாடல்கள் எழுவதில்லை. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். ஷட்டர் இறங்கிய கடைக்குள் அதிகாலை இரண்டு மணிக்கு யார் போய் அழுத்துவது? தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, கேமரா மட்டும் காலை வரை செத்துக் கிடக்கும். யூபிஎஸ் இல்லாத கடையிலாவது கரண்ட் வந்ததும் டிவிஆர் எழுந்திருக்கும்.

"கடையில்தான் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறதே, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோடு, அதில் செருகினால் போதாதா?" என்று கேட்பார்கள். இது வலுவான கேள்வி. நேரத்தைப் பொறுத்தவரை போதும், தாராளமாகவே போதும். ஆனால் இரண்டு இடத்தில் அது வழுக்குகிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால், கரண்ட் போய் பேட்டரிக்கு மாற 40 மில்லிநொடி வரை ஆகலாம். ஃபேனும் டியூப்லைட்டும் அதைப் பொருட்படுத்தாது. டிவிஆர் அடாப்டர் பொருட்படுத்தும். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 10, 20 மில்லிநொடி தான் தாங்கும். ஆக ஒவ்வொரு மின்வெட்டுக்கும் டிவிஆர் அணைந்து எழும். ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து மில்லிநொடிக்குள் மாறிவிடும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த நிலையில் இன்வெர்ட்டர் ஏற்கும் வோல்டேஜ் வரம்பு குறுகிவிடும். லோ வோல்டேஜ் தெருவில் அடிக்கடி பேட்டரிக்கு ஓடும். இரண்டாவது வழுக்கல் மனிதப் பழக்கம். ஷார்ட் சர்க்யூட் பயத்தில் இரவு கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் ஊரில் நல்ல பழக்கமாகவே சொல்லித் தரப்படுகிறது. இன்வெர்ட்டரையும் சேர்த்தே அணைப்பார்கள். இரவுதான் கேமராவுக்கு வேலை நேரம், அந்த நேரத்தில் அதற்குச் சோறு இல்லை. இன்வெர்ட்டரை மட்டும் விட்டுவைத்து மெயினை அணைத்தாலோ, பேட்டரி ஒவ்வொரு இரவும் கரைந்து ஒவ்வொரு பகலும் நிறைகிறது. அதன் ஆயுள் வேகமாகக் கழிகிறது. எந்தக் காப்பு வைத்தாலும் இதற்கு ஒரே தீர்வுதான்: கேமராவுக்கு மெயினுக்கு முன்னாலிருந்து தனி எம்சிபி போட்டுத் தனி லைன் எடுக்க வேண்டும், கடைப்பையன் கை அதில் படக் கூடாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடவேண்டிய வேலை இது.

12 வோல்ட் வழி எப்படி அமையும்? மெயின் லைனிலிருந்து ஒரு சார்ஜர், அதன் வெளியீட்டில் லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட் பேட்டரி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அதன்பின் ஒரு கன்வெர்ட்டர், அங்கிருந்து டிவிஆர், கேமரா, மோடம் மூன்றுக்கும். இணைப்பு மாறுவதே இல்லை. கரண்ட் இருக்கும்போது சார்ஜர் சுமையைத் தாங்குகிறது, போனால் பேட்டரி தாங்குகிறது; இடையில் ஒரு மில்லிநொடி இடைவெளிகூடக் கிடையாது. இங்கே பலர் சறுக்குவது நடுவில் இருக்கும் அந்தக் கன்வெர்ட்டரில். "பேட்டரியும் 12 வோல்ட், டிவிஆரும் 12 வோல்ட், நேரே கொடுத்தால் என்ன?" என்று நினைக்கத் தோன்றும். பேட்டரி பெயரளவில்தான் 12.8. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 11க்குக் கீழே இறங்கும். பல டிவிஆர்களில் அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட் நேரே ஹார்ட் டிஸ்க்கின் 12 வோல்ட் கம்பிக்குப் போகிறது. ஹார்ட் டிஸ்க் ஏற்பது பொதுவாகப் பத்து சதவீதம் மேலே, பத்து சதவீதம் கீழே, அதாவது 10.8 முதல் 13.2 வரை. நேரே கொடுத்தால் டிவிஆர் ஓடும், படமும் வரும். ஆனால் சார்ஜ் ஏறும் ஒவ்வொரு மணி நேரமும் டிஸ்க் தன் வரம்புக்கு மேலே வேலை செய்கிறது. சில மாதம் கழித்து டிஸ்க் போனால் பேட்டரியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். உள்ளே 9 முதல் 15 வோல்ட் வரை எது வந்தாலும் வெளியே 12 தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. நம் மளிகைக் கடையின் ஓட்ட மின்னோட்டம் மூன்று ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் டிஸ்க் முதலில் சுழலத் தொடங்கும் சில நொடி அது மட்டுமே இரண்டு ஆம்பியர் அளவு கேட்கும். எனவே 8 அல்லது 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போட வேண்டும். ஃபியூஸ் 10 ஆம்பியர், பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும்.

ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன மினி யூபிஎஸ்களை இதற்குப் பயன்படுத்தலாமா என்பார்கள். மோடத்துக்கு நல்ல பொருள்; டிவிஆருக்கு வேண்டாம். அட்டையில் 10,000 எம்ஏஎச் என்று இருந்தால் அது பெரும்பாலும் 3.7 வோல்ட் செல் கணக்கு, 37 வாட்-மணிதான். நம் சுமைக்கு ஒரு மணி நேரம்கூட வராது.

பேட்டரி அளவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டு என்பது எதிர்பாராதது அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே செய்தித்தாளில் வருவதுதான், காலை 9 முதல் மாலை 5 வரை என்று. அந்த எட்டு மணி நேரத்தைத் தாங்கினால் சாதாரண இரவு மின்வெட்டு ஒரு பொருட்டே இல்லை. பகல் என்பதால் ஐஆர் எரியாது, சுமை குறையும் என்று முழுதாக நம்பிவிடக் கூடாது. விளக்கு அணைந்ததும் கடையின் உள்பக்கமும் சரக்கு அறையும் இருண்டுவிடும். உள்ளே இருக்கும் இரண்டு கேமராவும் இரவென்று நினைத்து ஐஆரைப் போட்டுக்கொள்ளும். ஆக வெளிக் கேமரா இரண்டுக்கு 3, உள் கேமரா இரண்டுக்கு 8, மற்றவை 22, மொத்தம் 33 வாட். கன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 36. எட்டு மணிக்கு ஏறக்குறைய 290 வாட்-மணி. 12.8 வோல்ட் 30 ஏஎச் பேட்டரி 384 வாட்-மணி. அதில் எண்பது சதவீதம் எடுத்தால் 307. சரியாகப் பொருந்துகிறது. இரவுச் சுமைக்கு இதே பேட்டரி ஏழு மணி நேரம் தரும். சார்ஜரின் அளவும் இங்கே முக்கியம், அதை மறந்துவிடுவார்கள். மாலை 5 மணிக்குக் கரண்ட் வரும்போது 22, 23 ஏஎச் காலியாகியிருக்கும். 5 ஆம்பியர் சார்ஜர் என்றால் மூன்று சுமைக்கே போய்விடும், மீதி இரண்டில் நிறைய விடியற்காலை ஆகும். அன்றிரவு கரண்ட் போனால் கை வெறுங்கைதான். 10 ஆம்பியர் சார்ஜர் இரவு ஒன்பது மணிக்குள் நிறைத்துவிடும். லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட்டுக்கு என்றே உள்ள, மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் சார்ஜராக அது இருக்க வேண்டும். வெறும் எஸ்எம்பிஎஸ்ஸைக் காலிப் பேட்டரியோடு இணைத்தால், அதிக இழுவை தாங்காமல் டிக் டிக்கென்று அணைந்து எரிந்துகொண்டிருக்கும்.

லெட் ஆசிட் மலிவுதானே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை, லித்தியம் வழி முழுவதற்கும் யூபிஎஸ் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஆனால் நம் கடைகளில் பேட்டரி எங்கே உட்கார்கிறது? தகரக் கூரைக்கு அடியில், பரணில், சாக்குமூட்டைகளுக்கு நடுவே. மூடிய லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதற்குமேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வைகாசியில் பரண் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஐந்து வருடம் என்று வாங்கியது ஒன்றரை வருடத்தில் உப்பிக் கிடப்பது அதனால்தான். லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட்டுக்கும் வெப்பம் நல்லதல்ல, ஆனால் அதைவிட நன்றாகத் தாங்கும். செல்போனில் இருக்கும் லித்தியத்தைப்போல எளிதில் தீப்பிடிக்கும் வகையும் அல்ல. அதற்காகத் துணிக்கட்டுக்கு நடுவே வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. தரையோரம், காற்றுப் படும் இடம், சுற்றி ஒரு சாண் வெற்றிடம் இருக்கட்டும்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பேட்டரியின் தலையில் விழும் பழி பாதி இதனுடையது. 3+1 கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகள் மெல்லியவை. முப்பது மீட்டர் தூரத்துக் கேமராவுக்குப் போய் வர ஐந்து ஓம் வரை தடை இருக்கும். ஐஆர் எரியும்போது மூன்றில் ஒரு ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 12 புறப்பட்டு 10.3 சேரும். கன்வெர்ட்டர் இல்லாமல் தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரியில் நேரே இருந்தால் 9க்கும் கீழே சேரும். அடையாளம் தெளிவானது: பகலில் படம் அருமை, இருட்டியதும் அந்த ஒரு கேமரா மட்டும் Video Loss காட்டி, வந்து, மறுபடி போகும். ஐஆர் எரிய முயல்கிறது, வோல்டேஜ் விழுகிறது, கேமரா அணைகிறது, எழுகிறது, மறுபடி எரிய முயல்கிறது. பேட்டரியை மாற்றிப் பயனில்லை. தடித்த தனி மின்கம்பி இழுக்க வேண்டும்.

"திருடன் டிவிஆரையே தூக்கிக்கொண்டு போனால் உங்கள் பேட்டரி என்ன செய்யும்?" என்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பேட்டரி அதற்கான மருந்து அல்ல. டிவிஆரை இரும்புப் பெட்டியில் பூட்டுவதும், ஒரு கேமராவிலாவது மெமரி கார்டு பதிவு வைப்பதும் வேறு வேலைகள். ஆனால் டிவிஆர் இருக்குமிடம் தெரியாத ஆளுக்கும் மீட்டர் போர்டு இருக்குமிடம் தெரியும். காம்ப்ளக்ஸ் மாடிப்படிக்கு அடியில் திறந்து கிடக்கும் பீஸ் கட்டையைப் பிடுங்க ஆயுதம் தேவையில்லை, அறிவும் தேவையில்லை. அந்தச் செயலுக்கு எதிராகத்தான் இந்தப் பேட்டரி நிற்கிறது. போனில் எச்சரிக்கை வரும் என்பதை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். நம் மோடம் உயிரோடு இருந்தாலும், கேபிள் ஆபரேட்டரின் தெருமுனைப் பெட்டி அதே மின்வெட்டில் செத்திருந்தால் இணையம் இராது. உள்ளூர்ப் பதிவு நடக்கும், தகவல் வராது, அவ்வளவுதான். ஐபி கேமராக்கள் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கடைகளில் இந்த 12 வோல்ட் வழி அப்படியே பொருந்தாது. அங்கே பிஓஇ ஸ்விட்ச் கேட்பது 48 வோல்ட்டுக்கு மேல். 12லிருந்து ஏற்றித் தரும் ஸ்விட்ச் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நல்ல சைன்வேவ் இன்வெர்ட்டரே நடைமுறைக்கு ஏற்றது.

எதை மாட்டினாலும், பணம் கொடுப்பதற்கு முன் மாட்டியவரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். இரவு ஏழு மணிக்குமேல், ஐஆர் எரியும் நேரத்தில், கேமரா லைனின் எம்சிபியை இறக்குங்கள். முதலில், திரையில் ஓடும் கடிகாரம் ஒரு நொடிகூடத் தாவாமல் போகிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரி முழுவதும் தீர்ந்து எல்லாம் தானாக அணையும் வரை விடுங்கள். கடைசியில் எம்சிபியை ஏற்றிவிட்டு, வேறு எதையும் தொடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். முழுதும் தீர்ந்த லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் வாயை மூடிக்கொள்ளும். சில சார்ஜர்கள் அங்கே பேட்டரியே இல்லை என்று முடிவு செய்து சார்ஜ் ஏற்ற மறுக்கும். யாரும் கை வைக்காமல் டிவிஆர் எழுந்து, தேதி சரியாக இருந்து, நான்கு கேமராவும் பதிவுக்கு வந்துவிட்டால் பணத்தைக் கொடுங்கள். வராவிட்டால் சார்ஜரை மாற்றச் சொல்லுங்கள். இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து, எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதை அன்றைய தேதியோடு பேட்டரியின் மேலேயே எழுதி வையுங்கள். எட்டு மணி ஆறு மணியாகக் குறைந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.